தலைவாசலிலிருந்து ஒரு வலம்

விற்பனைக்கு வந்த வீடு ஒன்றின் வீடியோவைப் பார்த்து முடித்ததும், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் அந்த வீட்டை வரைந்து பாருங்கள். தலைவாசல் எந்தத் திசையில் இருக்கிறது? நுழைந்ததும் சமையலறை இடப்பக்கமா, வலப்பக்கமா? பெரிய படுக்கையறையின் கதவு எங்கே திறக்கிறது? பெரும்பாலான வீடியோக்களுக்கு, இரண்டாவது அறையிலேயே பென்சில் நின்றுவிடும். பளபளக்கும் டைல்ஸ் நினைவில் இருக்கும், தொங்கும் விளக்கு நினைவில் இருக்கும், பின்னணியில் ஓடிய இசைகூட நினைவில் இருக்கும். எந்த அறையை ஒட்டி எந்த அறை என்பது மட்டும் பிடிபடாது.

ஓர் அறை எப்படி இருக்கிறது என்று காட்ட நல்ல புகைப்படமே போதும். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு எப்படிப் போகிறோம் என்பதை வீடியோவால்தான் காட்ட முடியும். அதை விட்டுவிட்டு, அழகான துண்டுகளை வெட்டி ஒட்டினால், அது நகரும் புகைப்பட ஆல்பமாகத்தான் இருக்கும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, "அப்பா, நீங்க ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க" என்று ஊரிலிருக்கும் பெற்றோரை அனுப்பலாமா வேண்டாமா என்று யோசிக்கும் மகனுக்கு அந்த ஆல்பத்தால் ஒரு பயனும் இல்லை. அவருக்கு வேண்டியது வீட்டுக்குள் நடந்துபார்த்த உணர்வு.

எப்படி நடப்பது என்பதை ஒரு வீட்டை வைத்தே பார்க்கலாம். சென்னை குரோம்பேட்டையில், மூன்று மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருக்கும் இரண்டு படுக்கையறை வீடு என்று வைத்துக்கொள்வோம். கட்டிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பத்திரத்தில் உள்ள விற்பனைப் பரப்பு 960 சதுர அடி, கேட்கும் விலை 68 லட்சம். தெரு வடக்கே இருக்கிறது. வீட்டின் தலைவாசல் கிழக்குச் சுவரில், பொது நடைபாதையைப் பார்த்து இருக்கிறது. நுழைந்ததும் ஹால். இடப்பக்கம் தெற்கே சாப்பாட்டு இடம், அதிலிருந்து தென்கிழக்கு மூலையில் சமையலறை, தென்மேற்கில் பெரிய படுக்கையறை. வடமேற்கில் சின்ன படுக்கையறை. அதன் கதவுக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு சிறிய நடை, அந்த நடையிலேயே காமன் பாத்ரூம். ஹாலின் வடக்குச் சுவரில் பால்கனிக் கதவு.

இந்த வீட்டை எந்த வரிசையில் காட்டுவது? பலர் ஹாலைக் காட்டிவிட்டு நேராக "மாஸ்டர் பெட்ரூம்" என்று ஓடுவார்கள், பிறகு சமையலறை, பிறகு இன்னொரு படுக்கையறை என்று குறுக்கும் நெடுக்குமாக அலைவார்கள். அந்த அலைச்சலில் பார்ப்பவருக்குத் திசை தப்பிவிடும். நமக்குப் பழக்கமான ஒரு வழி இருக்கிறது. கோவிலுக்குள் போனால் இடப்பக்கமாகத் திரும்பி, பிரகாரத்தை வலமாகச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறோம். முதல் முறை போகும் பெரிய கோவிலிலும் அப்படிச் சுற்றினால் வழி தவறுவதில்லை. வீட்டையும் அப்படியே சுற்றலாம். கிழக்கு வாசலில் நுழைந்து, ஹாலைப் பார்த்து, இடப்பக்கம் சாப்பாட்டு இடம், சமையலறை, அங்கிருந்து பெரிய படுக்கையறை, பிறகு நடை, காமன் பாத்ரூம், சின்ன படுக்கையறை, மறுபடி ஹால், பால்கனி. ஒரு வலம் முடிந்து மீண்டும் தலைவாசல்.

எல்லா வீடும் இந்தச் சுற்றுக்கு ஒத்துவராது. வலப்பக்கம்தான் முதல் கதவு என்றால் அங்கிருந்தே தொடங்கலாம். ஒரே திசையில் சுற்ற வேண்டும், நடுவில் திசை மாறக் கூடாது. ஒவ்வோர் அறைக்குள்ளும் கேமரா திரும்பும் திசையும் அதுவாகவே இருக்கட்டும். முதல் அறையில் இடமிருந்து வலமாகவும் அடுத்த அறையில் வலமிருந்து இடமாகவும் திருப்பினால், கண்ணுக்குத் தெரியாமலேயே தலை சுற்றும்.

வரிசையைவிடவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் நிலைப்படி. படம் எடுப்பவர்கள் ஒவ்வோர் அறையையும் தனித்தனியாக எடுத்துப் பிறகு ஒட்டுவார்கள், வெட்டு சரியாகக் கதவருகே விழும். வீட்டின் அமைப்பு புரிவதோ அந்தக் கதவருகேதான். அதனால் கதவைத் தாண்டும்போது பதிவை நிறுத்தவே கூடாது. ஹாலில் நின்றபடி சமையலறைக் கதவைக் காட்டி, அதே ஓட்டத்தில் உள்ளே நடந்துபோக வேண்டும். வெளியே வரும்போது, வந்த வழி தெரியும்படி ஹாலின் ஒரு பகுதியை இரண்டு விநாடியாவது காட்ட வேண்டும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் அறையின் நடுவில், ஒரு வெறும் சுவரைப் பார்க்கும்போது வெட்டிக்கொள்ளலாம்.

ஹாலில் இன்னொரு வேலையும் உண்டு. வாசலில் நின்று உள்ளே பார்ப்பது பாதிப் படம்தான். எதிர் மூலைவரை நடந்துபோய்த் திரும்பி, வந்த கதவைக் காட்டினால்தான் ஹாலின் நீளம் மனதில் பதியும். அங்கே சோபா போட்டால் டிவி எந்தச் சுவரில் வரும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

இனி குரல். "இதுதான் ஹால். இதுதான் கிச்சன். ரொம்ப விசாலமான கிச்சன்" என்று சொல்வதில் ஒரு செய்தியும் இல்லை. ஹால் என்பது பார்த்தாலே தெரிகிறது. விசாலம் என்பது சொல்பவரின் எண்ணம், எத்தனை அடி என்றால்தான் அது செய்தி. கேமராவால் காட்ட முடியாததை மட்டும் சொல்வதுதான் பேச்சின் வேலை. அப்படிப்பட்டவை எண்ணினால் சிலவே: அளவு, திசை, தண்ணீர், வெயில், சத்தம், வயது, செலவு.

அந்த ஹாலுக்குப் பேச்சு இப்படி அமையலாம்: "இப்ப மேற்கு பாத்து உள்ள வர்றோம். ஹால் பதினாறுக்குப் பதினொண்ணு, சுவத்துக்குச் சுவர் உள் அளவு. வலது கைப் பக்கம் பால்கனி, அது வடக்கு, தெருப் பக்கம். இடது கைப் பக்கம் சாப்பாட்டு இடம்." இருபது சொற்களைச் சற்றுத் தாண்டிய பேச்சிலேயே வீட்டின் திசை முழுதும் கேட்பவரின் கைக்கு வந்துவிட்டது. அடுத்த அரை நிமிடம் ஒன்றும் பேசாமல் நடக்கலாம். கண் பார்க்கும்போது காதுக்கும் ஓயாமல் தீனி போட்டால் இரண்டுமே பதியாது.

சமையலறையில் கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டும். வீடு வாங்கும் குடும்பத்தில் அதிகக் கேள்வி இங்கிருந்துதான் வரும். மேடை கடப்பாக் கல்லா கிரானைட்டா, பரண் எத்தனை பக்கம், மிக்ஸியும் கிரைண்டரும் ஒன்றாக ஓட பிளக் பாயின்ட் போதுமா, ஃப்ரிட்ஜ் உள்ளே நிற்குமா சாப்பாட்டு இடத்துக்குப் போகுமா, வாஷிங் மெஷினுக்குச் சர்வீஸ் ஏரியாவில் குழாயும் வடிகாலும் இருக்கின்றனவா என்று கேட்பார்கள். இந்தக் கேள்விகளுக்குப் படமே பதில் சொல்லும், கேமரா அந்தந்த இடத்தில் மூன்று விநாடி நின்றால் போதும். குழாயைத் திறந்து தண்ணீர் விழும் வேகத்தையும் காட்டலாம். குரல் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இது மெட்ரோ தண்ணீரா, போர் தண்ணீரா, போர் என்றால் உப்பா. பாத்ரூம் குழாயில் வெள்ளையாகப் படிந்த உப்பு நேரில் வருபவர் கண்ணுக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும், அதைப் பேச்சில் மறைத்து ஆவது ஒன்றுமில்லை.

பெரிய படுக்கையறையில் அளவோடு வெயிலையும் சொல்ல வேண்டும். தென்மேற்கு மூலை அறை, மேற்கே ஜன்னல். காலை ஒன்பது மணிக்கு எடுத்தால் அந்த அறை குளுகுளுவென்று இருக்கும், சித்திரை மாத மாலை நான்கு மணிக்கு அப்படி இருக்காது. "மூணு மணிக்கு மேல இந்த ஜன்னல்ல வெயில் இறங்கும், ஏசி பாயின்ட் எதிர் சுவத்துல இருக்கு" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். கூரையின் மூலையில் ஓதம் இருந்தால் அதையும் காட்டிவிடுவது நல்லது. மேல் வீட்டுப் பாத்ரூமிலிருந்து கசிந்ததா, சரிசெய்தாயிற்றா, எப்போது சரிசெய்தார்கள் என்று சொன்னால் கேட்பவர் அதற்கான செலவைக் கணக்கில் வைத்துக்கொள்வார். சொல்லாமல் விட்டால் தாம்பரத்திலிருந்தோ அம்பத்தூரிலிருந்தோ வண்டியெடுத்து வந்து, அந்தக் கறையைப் பார்த்ததும் மற்ற எதையும் நம்பாமல் திரும்பிப் போவார்.

அளவைப் பற்றிப் பேசும்போது ஒரு வித்தியாசத்தைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். 960 சதுர அடி என்பதில் வெளிச்சுவர், படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை ஆகியவற்றில் இந்த வீட்டுக்கான பங்கும் சேர்ந்திருக்கிறது. 2016இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் ஏரியா என்பதை வரையறுத்திருக்கிறது. வெளிச்சுவர்களும் பால்கனியும் சேராமல், உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்களைச் சேர்த்து, நிகரமாகப் புழங்கக் கிடைக்கும் பரப்பு அது. நம் வீட்டில் ஹால் 176, சாப்பாட்டு இடம் 81, பெரிய அறை 132, சின்ன அறை 110, சமையலறை 72 என்று டேப் பிடித்து அளந்து, பாத்ரூம்களையும் சர்வீஸ் ஏரியாவையும் நடையையும் உட்சுவர்களையும் கூட்டினால் ஏறக்குறைய 700 சதுர அடி வருகிறது. வீடியோவின் முதல் இருபது விநாடியில் இரண்டு எண்களையும் சொல்லிவிட வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் அடுத்த போன் அழைப்பு அதைப் பற்றித்தான் வரும்.

இங்கேதான் கேமராவும் பொய் சொல்லத் தொடங்குகிறது. இப்போதைய போன்களில் 0.5x என்றொரு அகலக் கோணம் உண்டு. பத்தடி அறையையும் கல்யாண மண்டபம்போல் காட்டும், ஓரத்திலிருக்கும் பீரோவைச் சாய்த்து இழுத்துவிடும். பாத்ரூமுக்குள் பின்வாங்க இடமில்லாதபோது அது உதவும், மற்ற அறைகளில் 1x போதும். போனைக் குறுக்காகப் பிடித்து, நெஞ்சளவு உயரத்தில் வைத்து, விநாடிக்கு ஓர் அடி எடுத்து வைத்தால் படம் ஆடாது. ஓர் அறையைக் கால்வட்டம் திருப்ப ஐந்து விநாடியாவது எடுத்துக்கொள்ள வேண்டும். எடுப்பவருக்கு அது ஆமை வேகமாகத் தோன்றும், பார்ப்பவருக்குச் சரியாக இருக்கும்.

டியூப்லைட்டோ எல்இடியோ எரியும் அறையில் படத்தில் கரும்பட்டைகள் ஓடுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு விநாடிக்கு நூறு முறை மங்கிப் பிரகாசமாகிறது. போன் விநாடிக்கு 30 படம் எடுக்கும்போது இரண்டும் ஒத்துப்போவதில்லை. அமைப்புகளில் 25 படம் என்று மாற்றினால் பெரும்பாலும் பட்டை மறைந்துவிடும். மின்விசிறிகளை நிறுத்திவிட்டு எடுப்பது இன்னொரு சிறிய உதவி, காற்று மைக்கில் அடிக்கும் சத்தம் பேச்சை விழுங்கிவிடும்.

திசையைக் காட்ட வீட்டுக்குள் நின்று போனின் திசைகாட்டியைத் திறப்பவர்கள் உண்டு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி அதைத் திருப்பிவிடும், காந்தம் வைத்த போன் உறையும் திருப்பிவிடும். வாஸ்து பார்க்கும் குடும்பத்துக்குத் தவறான திசை என்பது சாதாரணப் பிழையல்ல. தெருவில், கட்டடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று, உறையைக் கழற்றிவிட்டுத் திசையைக் காட்டி, அங்கிருந்தே நடக்கத் தொடங்கலாம்.

வலம் தொடங்குமுன் தெருவுக்கு இருபத்தைந்து விநாடி போதும். தெருவின் அகலம், எதிர்க் கட்டடம், கேட், லிஃப்ட். சென்னையில் இங்கே தவிர்க்கவே முடியாத கேள்வி ஒன்று இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள், இரண்டாவது மாடி வீடாக இருந்தாலும் "தெருவில தண்ணி நின்னுச்சா, கார் பார்க்கிங்குக்குள்ள வந்துச்சா?" என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். கேட்டைக் காட்டும்போதே பதிலைச் சொல்லிவிடலாம். எத்தனை நாள் நின்றது, எந்தப் படி வரை வந்தது, மோட்டாரும் மீட்டர் பெட்டியும் அதற்கு மேலே இருக்கின்றனவா என்பது வரை தெரிந்தால் இன்னும் நல்லது.

எவ்வளவு நீளம் என்பது அடுத்த கேள்வி. இந்த அளவு வீட்டுக்கு ஐந்து நிமிடம் சரியாக வரும். ஒரு படுக்கையறை வீட்டுக்கு மூன்று நிமிடம், மாடியும் தோட்டமும் உள்ள தனி வீட்டுக்கு ஏழெட்டு நிமிடம். ஐந்து நிமிடத்தில் பேச்சு முந்நூறு சொற்களைத் தாண்ட வேண்டாம். அதை முன்பே எழுதி, கையில் கடிகாரத்தோடு ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால், எங்கே நீள்கிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் நீள்வது தொடக்கத்தில்தான். வணக்கம் சொல்லி, சேனலைச் சொல்லி, பட்டனை அழுத்தச் சொல்லி முடிப்பதற்குள் முக்கால் நிமிடம் போய்விடும். இடம், விலை, பரப்பு, எத்தனை ஆண்டு என்ற நான்கும் முதல் இருபது விநாடியில் வந்தாக வேண்டும். விலை ஒத்துவராதவர் அங்கேயே விலகிப் போகட்டும், அதில் இருவருக்கும் நேரம் மிச்சம்.

யூடியூபில் ஏற்றும்போது நேரக் குறிப்புகளை விளக்கப் பகுதியில் எழுதினால் அறை அறையாகத் தாவிப் பார்க்கலாம். முதல் குறிப்பு 0:00 என்று இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறிப்புகள் வேண்டும், ஒவ்வொரு பகுதியும் பத்து விநாடிக்குக் குறையக் கூடாது. நம் வீட்டுக்கு அது இப்படி இருக்கும்:

```
0:00 இடம், விலை, பரப்பு
0:20 தெரு, நுழைவு
0:45 ஹால்
1:30 சாப்பாட்டு இடம், சமையலறை
2:25 பெரிய படுக்கையறை
3:10 காமன் பாத்ரூம், சின்ன படுக்கையறை
3:55 பால்கனி
4:10 கார் பார்க்கிங், மொட்டை மாடி
4:40 ஆவணங்கள், மாதச் செலவு
```

ஹாலுக்கு 45 விநாடி, சமையலறைப் பக்கத்துக்கு 55 விநாடி, பால்கனிக்குப் பதினைந்தே விநாடி. பால்கனியில் அதற்கு மேல் நிற்கத் தேவையில்லை, ஆனால் அந்தப் பதினைந்து விநாடியும் பேசாமல் நிற்க வேண்டும். தெருவின் சத்தம் அப்படியே பதிவாகட்டும். கீழே எட்டிப் பார்த்தால் முதலில் காட்டிய கேட் தெரியும், அதோடு வலமும் முடியும். கடைசி இருபது விநாடியில் யுடிஎஸ் எவ்வளவு, வில்லங்கச் சான்று எத்தனை ஆண்டுகளுக்குப் போடப்பட்டிருக்கிறது, வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா, மாத மெயின்டனன்ஸ் எவ்வளவு என்று சொல்லலாம். சொல்பவர் காகிதத்தைக் கண்ணால் பார்த்திருந்தால் மட்டுமே சொல்ல வேண்டும். "டாக்குமெண்ட் எல்லாம் கிளியர்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, பார்க்காத ஆவணத்தைப் பற்றிப் பேசாமல் விடுவது மேல்.

குடியிருப்பவர்கள் உள்ளே இருக்கும்போது எடுத்தால் அவர்களிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். சுவரிலிருக்கும் குடும்பப் படம், பள்ளிச் சீருடை, மேசைமேல் கிடக்கும் வங்கிக் கடிதம், பீரோச் சாவி, கார் நம்பர் ஆகியவை வீடியோவில் வரக் கூடாது. கொடியில் காயும் துணி வந்தால் குற்றமில்லை, சர்வீஸ் ஏரியாவில் எத்தனை கொடி கட்ட முடியும் என்று அதுவே காட்டிவிடும்.

வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு நிமிடச் சிறு வீடியோ கேட்பார்கள். ஐந்து நிமிடத்தை வேகமாக ஓட்டி ஒரு நிமிடமாக்கினால் அதில் எதுவும் தெரியாது. வாசலிலிருந்து ஹாலின் எதிர் மூலைவரை நடந்து திரும்பிப் பார்க்கும் ஒரே காட்சி, சமையலறை, பெரிய படுக்கையறை ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, விலையையும் இரண்டு பரப்புகளையும் எழுத்தில் போட்டால் போதும். முழு வலத்தையும் காண நீள வீடியோவின் இணைப்பைக் கூடவே அனுப்பலாம்.

வெளியிடும் முன், அந்த வீட்டைப் பார்த்திராத ஒருவரிடம் வீடியோவையும் வெள்ளைத் தாளையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியாக இருக்கலாம், சொந்தத்தில் ஒரு அத்தையாக இருக்கலாம். நம் குரோம்பேட்டை வீட்டுக்கு இந்தச் சோதனையில் பெரும்பாலும் இடறும் இடம் ஒன்று உண்டு. தாளில் ஹால் சரியாக வரும், சமையலறை சரியாக வரும், காமன் பாத்ரூமைக் கொண்டுபோய்ச் சின்ன படுக்கையறைக்குள் வரைந்து வைப்பார்கள். இரண்டு அட்டாச்டு பாத்ரூம் உள்ள வீடு என்றே அவர்கள் நம்பியிருப்பார்கள். காரணத்தை வீடியோவின் 3:25 பக்கம் தேடினால் கிடைத்துவிடும். பாத்ரூமின் டைல்ஸைக் காட்டிய இடத்தில் பதிவை நிறுத்தி, சின்ன அறைக்குள் நின்று மறுபடி தொடங்கியிருப்பார் எடுத்தவர். நடை இரண்டுக்கும் நடுவே காணாமல் போயிருக்கும். மறுநாள் அதே காலை நேரத்தில் போய், நடையில் நின்று, பாத்ரூம் கதவும் படுக்கையறைக் கதவும் ஒரே சட்டத்தில் தெரியும்படி மூன்று விநாடி காட்டிவிட்டு, முதல் கதவுக்குள் போய் வெளியே வந்து இரண்டாவது கதவுக்குள் நுழைய வேண்டும். மொத்தம் இருபது விநாடிப் பதிவு. "நடையில ரெண்டு கதவு. இடது பக்கம் பாத்ரூம், ஹாலுக்கும் இந்த ரூமுக்கும் பொது" என்று ஒரு வரிப் பேச்சைச் சேர்த்து, அத்தையிடம் இன்னொரு தாளை நீட்டலாம்.